பத்தாம் தேதிக்குள் பாதிப் பணம்

கூகுள் ஆட்ஸில் ஒரு கேம்பெய்னுக்கு 1,750 ரூபாய் தினசரி பட்ஜெட் போட்டால், ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு செலவாகும்? எங்கள் டீமில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் "1,750 தானே?" என்று பதில் வரும். சரியான பதில் 3,500. அந்தக் கட்டத்தில் நாம் போடும் எண் ஒரு நாளுக்கான வரம்பு கிடையாது, மாதம் முழுவதற்குமான சராசரி. ஆள் அதிகம் தேடும் நாளில் அதன் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கும், தேடல் குறைந்த நாளில் குறைத்துக்கொள்ளும். மாத முடிவில் அந்த எண்ணின் 30.4 மடங்குக்கு மேல் நம்மிடம் வாங்காது. 365 நாளைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதுதான் அந்த 30.4. பிப்ரவரிக்கும் அதே பெருக்கல்தான், மார்ச்சுக்கும் அதேதான்.

விளம்பரக் கணக்கு பார்ப்பவர்கள் மாதாமாதம் படும் அவஸ்தையில் பாதி, இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே மறந்துவிடுவதால் வருவது. கிளையண்ட் மாதத்துக்கு ஒரு தொகை சொல்கிறார். நாம் தினத்துக்கு ஒரு தொகை போடுகிறோம். கூகுள் அதை மறுபடி மாதக் கணக்காக மாற்றிக்கொள்கிறது. மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால், பத்துப் பன்னிரண்டு தேதிக்கு போன் வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்க்கலாம். தென்சென்னையில் ஏசி சர்வீஸ் செய்யும் சிறிய நிறுவனம். வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் பக்கம்தான் அவர்களுக்கு வேலை. மாதம் மே. படிக்கிறவர்களுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

மாத பட்ஜெட் 76,000 ரூபாய். இதில் முதலிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்தத் தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? கூகுள் ஆட்ஸ் திரையில் தெரியும் செலவில் வரி இருக்காது. அதற்கு மேல் 18 சதவீதம் வரும். 76,000 விளம்பரத்துக்கே என்றால் கிளையண்ட் கையிலிருந்து போவது 89,680. வரியோடு சேர்த்து 76,000 தான் என்றால் விளம்பரத்துக்கு மிஞ்சுவது 64,407. பதினோராயிரத்துக்கு மேல் வித்தியாசம். இதைக் கேட்காமல் ஆரம்பித்த கணக்கில் பிறகு எந்த பேஸிங்கும், அதாவது செலவை மாதம் முழுக்கச் சீராகப் பரப்பும் எந்த வேலையும், சரிவராது. இவர் வரி தனி என்று சொல்லிவிட்டார். நல்லது.

76,000-ஐ 30.4 ஆல் வகுத்தால் நாளுக்கு 2,500. அதை இரண்டு கேம்பெய்னாகப் பிரித்திருந்தது. வீடுகளுக்கு ரிப்பேர், சர்வீஸ் பார்ப்பதற்கு நாளுக்கு 1,750, அதாவது மாதம் 53,200. அலுவலகங்களிடம் வருட பராமரிப்பு ஒப்பந்தம் பிடிப்பதற்கு, அதாவது ஏஎம்சிக்கு, நாளுக்கு 750, மாதம் 22,800.

மே 10 இரவு வரை ஆன செலவு 29,500. முப்பத்தொரு நாளில் பத்து நாள் போயிருக்கிறது, ஆகவே நேர்க்கோட்டுக் கணக்கில் 24,516 ஆகியிருக்க வேண்டும். ஐயாயிரம் கூடுதல். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் "கொஞ்சம் வேகமாகப் போகிறது, இரண்டு கேம்பெய்னிலும் இருபது சதவீதம் குறைத்துவிடலாம்" என்பார். பிரித்துப் பார்த்தால் கதையே வேறு. சர்வீஸ் கேம்பெய்ன் 17,161 செலவழித்திருக்க வேண்டிய இடத்தில் 26,400 செலவழித்திருக்கிறது. மாதத்துக்கு ஒதுக்கியதில் கிட்டத்தட்ட பாதி. ஏஎம்சி 7,355 ஆகியிருக்க வேண்டியது, வெறும் 3,100-ல் நிற்கிறது. ஒன்று ஓடுகிறது, மற்றொன்று நகரவே இல்லை. இரண்டையும் கூட்டியதால் பார்க்கச் சுமாராகத் தெரிகிறது. அதனால்தான் பேஸிங் ஷீட்டில் மொத்த வரிக்கு முன்னால் கேம்பெய்ன் வாரியாக ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்பேன்.

முதலில் ஓடுவதைப் பிடிப்போம்.

அதிகச் செலவைப் பார்த்ததும் கை தானாக பட்ஜெட் கட்டத்துக்குப் போகும். போக விடாதீர்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளுக்கே அது சட்டென்று தோன்றாது. 1,750-ஐ 1,500 ஆக்கினால் மாதச் செலவு குறையும் என்றுதானே நினைப்போம்? கூடும். மாத நடுவில் பட்ஜெட்டை மாற்றினால், கூகுள் பழைய 30.4 கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதுவரை ஆன செலவோடு புதிய எண்ணை மீதி நாட்களால் பெருக்கிக் கூட்டி, அதைப் புதிய உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். 26,400 ஏற்கெனவே போய்விட்டது. 11-ஆம் தேதி காலையில் 1,500 என்று மாற்றினால் மீதி 21 நாளுக்கு 31,500. இரண்டும் சேர்த்து 57,900. கை வைக்காமல் இருந்திருந்தால் உச்சவரம்பு 53,200 தான். குறைத்ததாக நினைத்து 4,700 ரூபாய்க்குக் கூடுதலாக வழி திறந்துவிட்டாயிற்று. தினமும் காலையில் வந்து கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கிக்கொண்டே இருக்கும் ஆட்களின் கணக்கு மாத முடிவில் ஏன் தாண்டிப் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்படியானால் தொடாமலே விட்டுவிடலாமா? விடலாம், கூகுள் 53,200-க்கு மேல் பில் போடாது. ஆனால் இதே வேகத்தில் போனால் 20-ஆம் தேதி வாக்கில் காசு தீர்ந்துவிடும். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் மீதி 26,800-ஐ 21 நாளுக்கு நீட்ட வேண்டும், நாளுக்கு 1,276 தான் வரும். எப்படிப் பார்த்தாலும் கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஏசி சர்வீஸ்காரருடைய விளம்பரம் கண்ணில் படாது. வருடத்திலேயே அவருக்கு நல்ல வியாபாரம் நடக்கும் வாரங்கள் அவை.

ஆகவே ஏன் வேகமாகப் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். நாள் வாரியாகச் செலவைப் பிரித்தேன். மே 1 முதல் 3 வரை தினம் ஏறத்தாழ 1,700. நான்காம் தேதியிலிருந்து தினம் மூவாயிரத்தைத் தொட்டது. மே 4 என்றால் தமிழ்நாட்டில் சொல்லத் தேவையில்லை, அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கும் நாள். பிறகு Change history பக்கத்தைத் திறந்தேன். அந்த நாட்களில் யாரும் பட்ஜெட்டையோ, ஒரு க்ளிக்குக்கு நாம் கேட்கும் ஏல விலையான பிட்டையோ தொடவில்லை. அதாவது, நாம் எதையும் மாற்றாமலே செலவு ஏறியிருக்கிறது. ஜனங்கள் அதிகமாகத் தேடியிருக்கிறார்கள். இப்படி ஒரே நாளில் ஏறும்போது முதலில் பார்க்க வேண்டிய பக்கம் இதுதான். யாரோ இரவில் பிட் முறையை மாற்றிவிட்டுப் போயிருந்தால் அதுவும் இதே மாதிரிதான் தெரியும், வைத்தியம் மட்டும் வேறு.

தேடல் கூடியது நல்ல செய்திதானே என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைக்காரர் போனில் சொன்ன ஒரு வாக்கியம் உறுத்தியது. "சார், போன் நிக்கவே இல்ல. ஆனா பாதிப் பேரு வேலை இருக்கான்னு கேக்குறாங்க, கொஞ்சப் பேரு கார் ஏசி பாப்பீங்களான்னு கேக்குறாங்க." இந்த மாதிரித் தகவல் எந்த டேஷ்போர்டிலும் கிடைக்காது. மாதம் ஒரு தடவையாவது போன் எடுக்கும் ஆளிடமே பேச வேண்டும்.

Search terms அறிக்கையைச் செலவு வாரியாக அடுக்கினேன். அவர் சொன்னது அப்படியே அங்கே இருந்தது. ac technician jobs, ac mechanic course fees, car ac gas filling, பிராண்டு பெயரோடு customer care number. ஏசி கம்பெனியின் இலவச எண்ணைத் தேடி வருபவர், முதலில் தெரியும் விளம்பரத்தைத் தட்டிவிட்டு, இது வேறு கடை என்று தெரிந்ததும் வெளியேறிவிடுவார். நமக்கு 48 ரூபாய் போயிருக்கும். இப்படிப்பட்ட தேடல்களுக்கு மட்டும் பத்து நாளில் 6,200 ரூபாய். இந்தக் கேம்பெய்னின் செலவில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு.

இவற்றை நெகடிவ் கீவேர்டாகப் போட்டால் அடைபடும். இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. சாதாரண கீவேர்டு மாதிரி நெகடிவ் தானாக விரிந்துகொள்ளாது, job என்று போட்டால் jobs தப்பித்துவிடும், இரண்டையும் போட வேண்டும். இன்னொன்று தமிழில் தேடுபவர்களைப் பற்றியது. "ஏசி மெக்கானிக் வேலை" என்று தேடுகிறார்களே என்று வேலை என்ற ஒற்றைச் சொல்லை நெகடிவாகப் போட்டுவிட்டால், "ஏசி வேலை செய்யவில்லை" என்று தேடும் ஆளும் அடிபட்டுப் போவார். நமக்கு வேண்டியதே அவர்தான். அதனால் வேலைவாய்ப்பு, வேலை வேண்டும், மெக்கானிக் வேலை என்று முழுத் தொடராகப் போட வேண்டியிருந்தது.

லொக்கேஷன் அமைப்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. கூகுள் முன்னிருப்பாகத் தருவது Presence or interest. அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அந்த ஊரைப் பற்றித் தேடுபவர்களுக்கும் விளம்பரம் தெரியும். ஓட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அது சரி. ஏசி ரிப்பேருக்கு, ஏசி இருக்கும் வீட்டில் ஆள் இருந்தால் போதும். Presence என்று மாற்றியாயிற்று.

இந்தக் குப்பையெல்லாம் போனால் நாளுக்கு மூவாயிரம் என்பது சுமார் 2,300 ஆகும். இன்னமும் அதிகம்தான். மிச்சம் இருப்பது உண்மையான தேவை, அதைக் குறைக்கத்தான் வேண்டுமா என்பது கிளையண்டிடம் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டேன். அவரிடம் நான்கு டெக்னீஷியன் ஜோடிகள். ஒரு ஜோடி நாளுக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து வீடு பார்க்கலாம். பழைய வாடிக்கையாளர்களுக்கே அதில் பாதி போய்விடும். "நாளைக்கு வரோம்" என்று சொன்னால் அந்த வெயிலில் யாரும் காத்திருப்பதில்லை, அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். ஆக, அவரால் பார்க்க முடிந்ததற்கு மேல் வரும் ஒவ்வொரு அழைப்பும் காசு கொடுத்து வாங்கி வேறொருவருக்குத் தருவதுதான். பட்ஜெட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கூட்டச் சொல்வதுதான் ஏஜென்சிகளுக்கு வழக்கம், அது வேறு கதை.

சரி, செலவைக் குறைக்க வேண்டும், எதைக் குறைப்பது? என் பதில்: பட்ஜெட்டைக் குறைப்பதற்கு முன் பிட்டைக் குறையுங்கள். ஒரு கேம்பெய்ன் பட்ஜெட் போதாமல் திணறுகிறது என்றால், அது ஒவ்வொரு க்ளிக்குக்கும் தேவைக்கு மேல் கொடுக்கிறது என்று அர்த்தம். மேலிடத்தைப் பிடிக்க 48 ரூபாய் கொடுத்து, மத்தியானத்துக்குள் காசு தீர்ந்து, சாயங்காலம் முழுக்கக் காணாமல் போவதில் என்ன லாபம்? இந்தக் கேம்பெய்ன் Maximize clicks முறையில் ஓடியது. அதில் ஒரு க்ளிக்குக்கு இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று உச்சவரம்பு வைக்க வழி இருக்கிறது. அதை 38 ரூபாயில் வைத்தேன். விளம்பரம் ஓரிரு இடம் கீழே இறங்கும். ஆனால் அதே 1,700 ரூபாய்க்கு 35 க்ளிக்குக்குப் பதிலாக 45 வரை கிடைக்கும், நாள் முழுக்கவும் தெரியும். அதோடு இரவு எட்டு மணிக்கு மேல் போன் எடுக்க ஆள் இல்லாததால் அந்த நேரத்தையும் அணைத்தாயிற்று. கடைசியாகத்தான் பட்ஜெட் கட்டத்துக்குப் போனேன்.

அந்த எண்ணைச் சொல்வதற்கு முன் ஏஎம்சி கேம்பெய்னைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசைப் பிரிக்க வேண்டும்.

செலவாகாத கேம்பெய்னைப் பார்த்தால் பலர் செய்வது பட்ஜெட்டை ஏற்றுவது. 750-ஐ ஆயிரம் ஆக்குவார்கள். நாளுக்கு 310 ரூபாய் செலவழிக்கவே தடுமாறும் கேம்பெய்னுக்கு ஆயிரம் கொடுத்தால் அது என்ன செய்யும்? அதே 310-ஐத்தான் செலவழிக்கும். காசு இல்லாமல் நிற்கிறதா, வேறு காரணத்தால் நிற்கிறதா என்று சொல்ல இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன: Search lost IS (budget), Search lost IS (rank). நம் விளம்பரம் தெரிந்திருக்கக்கூடிய தேடல்களில் எத்தனை சதவீதத்தைப் பட்ஜெட் போதாமல் இழந்தோம், எத்தனை சதவீதத்தை ஏலத்தில் பின்தங்கி இழந்தோம் என்று அவை சொல்லும். இங்கே பட்ஜெட்டால் இழந்தது பூஜ்யம். ஏலத்தில் இழந்தது 68 சதவீதம். தேடுபவர்கள் இருக்கிறார்கள், நாம்தான் பின்னால் நிற்கிறோம்.

இரண்டுமே சிறிய எண்ணாக இருந்து, தேடல்களில் தொண்ணூறு சதவீதத்தில் நாம் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தால் அது மூன்றாவது வகை. நாம் வைத்திருக்கும் கீவேர்டுகளை அதற்கு மேல் தேட ஊரில் ஆளே இல்லை. அப்போது புதிய கீவேர்டு தேட வேண்டும், அல்லது காசை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். பிட்டை ஏற்றினால் அதே ஆட்களுக்கு அதிக விலை கொடுப்போம், அவ்வளவுதான்.

நம் கேம்பெய்ன் ஏலத்தில் ஏன் பின்தங்கியது? இது Target CPA முறையில் ஓடுவது. ஒரு விசாரணைக்கு 600 ரூபாய் வரை போகலாம் என்று இலக்கு கொடுத்திருந்தோம். ஏப்ரலில் ஒழுங்காக ஓடியது. இலக்கை யாராவது இறுக்கியிருந்தால் இப்படிச் சுருங்கும், ஆனால் யாரும் இறுக்கவில்லை. அடுத்து, விளம்பரத்தால் வந்த விசாரணைகளை எண்ணும் கன்வர்ஷன் நெடுவரிசையை நாள் வாரியாகப் பார்த்தேன். ஏப்ரல் 27 வரை இரண்டு, ஒன்று, மூன்று என்று வந்துகொண்டிருந்தது. 28-இலிருந்து பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். க்ளிக் வந்துகொண்டுதான் இருந்தது. கடைக்காரரின் இன்பாக்ஸில் விசாரணைகளும் வந்துகொண்டிருந்தன. கூகுளுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

காரணம் சின்னது. வெப்சைட் பார்க்கும் பையன் 28-ஆம் தேதி விசாரணைப் படிவத்தை மாற்றியிருந்தார். முன்பு படிவத்தை அனுப்பியதும் நன்றி சொல்லும் தனிப் பக்கத்துக்குப் போகும், விசாரணை வந்ததைக் கூகுளுக்குச் சொல்லும் கன்வர்ஷன் டேக் அந்தப் பக்கத்தில் இருந்தது. இப்போது அதே பக்கத்திலேயே பச்சை எழுத்தில் "நன்றி" என்று தோன்றுகிறது. பார்க்க அழகுதான். நன்றிப் பக்கத்துக்கு யாரும் போகாததால் டேக் ஒருபோதும் ஓடுவதில்லை. பிட்டைத் தானே முடிவு செய்யும் கூகுளின் ஸ்மார்ட் பிட்டிங் தன் பார்வையில் நியாயமாகத்தான் நடந்துகொண்டது: காசு போகிறது, ஒன்றும் வரவில்லை, 600 ரூபாய் இலக்கைக் காப்பாற்ற ஒரே வழி பிட்டைக் குறைப்பது. குறைத்துக்கொண்டே போனது.

செலவு திடீரென்று படுத்துவிட்டால் நான் முதலில் கன்வர்ஷன் நெடுவரிசையைப் பார்ப்பது இதற்காகத்தான். செலவு இறங்கிய பிறகு கன்வர்ஷன் இறங்கினால் காரணம் ஏலத்திலோ அனுமதி மறுக்கப்பட்ட விளம்பரத்திலோ இருக்கும். கன்வர்ஷன் முதலில் விழுந்து, இரண்டு மூன்று நாள் கழித்துச் செலவு விழுந்தால் டேக்கைச் சந்தேகப்படலாம். எது முதலில் விழுந்தது என்ற வரிசையே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

படிவம் வெற்றிகரமாகப் போனதும் ஓடும்படி டேக்கை மாற்றி, சோதனைக்கு ஒரு விசாரணை அனுப்பிச் சரிபார்த்தோம். அதோடு விட்டுவிட்டால், அந்தப் பொய்யான பூஜ்யங்களை வைத்து ஸ்மார்ட் பிட்டிங் இன்னும் பல நாள் பயந்துகொண்டே இருக்கும். Data exclusions என்று ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 28 முதல் மே 10 வரையிலான தரவைக் கணக்கில் எடுக்காதே என்று அங்கே சொல்லிவிடலாம். சொன்ன மறுநாளே பழைய வேகம் வந்துவிடாது. மெதுவாகத்தான் ஏறும், அதற்கு இடம் விட்டுத்தான் மீதி மாதத்தைத் திட்டமிட வேண்டும்.

இப்போது அந்த எண். 76,000-இல் 29,500 போக மீதி 46,500. இருப்பது 21 நாள், நாளுக்கு 2,214. என் ஷீட்டில் இதற்கு ஒரே ஒரு சூத்திரம்தான். B1-இல் மாத பட்ஜெட், B2-இல் நேற்று இரவு வரையிலான செலவு:

```
=(B1-B2)/(EOMONTH(TODAY(),0)-TODAY()+1)
```

கடைசியில் உள்ள +1 இன்றைய நாளுக்காக. அதனால்தான் செலவையும் நேற்று வரைக்கும் மட்டும் எடுக்க வேண்டும். இன்று காலை பத்து மணி வரை ஆனதையும் சேர்த்துவிட்டால் இன்றைய நாளை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். மாத ஆரம்பத்தில் இது பெரிய விஷயமில்லை, 27-ஆம் தேதிக்கு மேல் நன்றாகவே உதைக்கும்.

ஏஎம்சிக்கு நாளுக்கு 500 போட்டேன். அதற்கு ஒதுக்கியிருந்தது 750 என்றாலும், தேறிவரும் நேரத்தில் அதற்கு மேல் அதனால் செலவழிக்க முடியாது என்று தெரிந்தே காசைக் கட்டிப்போடுவதில் அர்த்தமில்லை. மீதி 1,714 சர்வீஸுக்கு. இதற்குக் கிளையண்டின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் ஏஎம்சிக்கு என்று அவர் சொன்ன பணத்தில் ஒரு பகுதி சர்வீஸுக்குப் போகிறது. மொத்தம் மாறாது என்றதும் ஒத்துக்கொண்டார். புதிய எண்ணால் கூகுளின் உச்சவரம்பும் நமக்குச் சாதகமாகவே அமைகிறது: போனது 29,500, இனி 21 நாளுக்கு 2,214. கூட்டினால் 75,994. நாம் விரும்பிய இடத்திலேயே வேலி விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். மாற்றம் செய்த நாளில் செலவு எக்குத்தப்பாக இருக்கும், அந்த நாளில் இருந்த எண்களில் பெரியதன் இரண்டு மடங்கு வரை போக அனுமதி உண்டு. அதைப் பார்த்துப் பதறி மறுபடி மாற்றினால் முதலிலிருந்து கணக்கு ஆரம்பிக்கும். திங்களும் வியாழனும் மட்டும் பார்ப்பது என் பழக்கம். திட்டத்திலிருந்து பத்து சதவீதத்துக்குள் விலகியிருந்தால் தொடமாட்டேன். இதையெல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ள, மாதச் செலவு இத்தனையைத் தாண்டினால் கேம்பெய்னை நிறுத்து என்று ஒரு தானியங்கி விதியும் வைக்கலாம். வைத்திருக்கிறேன். ஆனால் அது குறித்த நேரத்தில்தான் எட்டிப் பார்க்கும், இடைப்பட்ட மணிநேரங்களில் போவது போனதுதான். கடைசிக் காவலுக்குச் சரி, பேஸிங்குக்கு அது போதாது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரமும் சேர்ந்து ஓடினால் இந்த ஷீட்டில் ஒரு வித்தியாசம் வரும். மெட்டாவும் ஒரு நாளில் தினசரி பட்ஜெட்டைத் தாண்டும், ஆனால் ஈடுகட்டுவது வாரக் கணக்கில். ஏழு நாளில் ஏழு மடங்குக்குள் நிறுத்திக்கொள்ளும். அங்கே 30.4 என்ற பேச்சே இல்லை, 31 நாள் மாதத்துக்கு 31 மடங்கு ஆகிவிடும்.

24-ஆம் தேதி இரவு நிலவரம்: சர்வீஸ் இந்தப் பதினான்கு நாளில் 25,000, ஏஎம்சி 4,600. மொத்தச் செலவு 59,100. சர்வீஸ் கொஞ்சம் மேலே, ஏஎம்சி கொஞ்சம் கீழே. சர்வீஸில் ஒரு விசாரணைக்கு ஆகும் செலவு மாத ஆரம்பத்தில் 300 இருந்தது, இப்போது 230 பக்கம் வந்திருந்தது. வேலை கேட்டு வரும் போன் நின்றுவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். ஏஎம்சியில் கன்வர்ஷன் மறுபடி பதிவாகி, தினம் 450 வரை செலவழிக்கத் தொடங்கியிருந்தது.

மீதி 16,900, ஏழு நாள். நாளுக்கு 2,414. ஏஎம்சியை 500-லேயே விட்டு சர்வீஸை 1,914 ஆக்கினேன். கத்திரி முடிய இன்னும் சில நாள் இருந்தது, டெக்னீஷியன்கள் கையிலும் கொஞ்சம் நேரம் இருந்தது. இதுவே ஜூன் கடைசி வாரமாக இருந்தால் ஏற்றியிருக்க மாட்டேன். தேடல் குறைந்த வாரத்தில் மிச்சக் காசைத் தீர்க்க வேண்டுமே என்று ஏற்றினால், கேம்பெய்ன் பொருத்தமில்லாத தேடல்களையும் விலை அதிகமான க்ளிக்குகளையும் வாரிக்கொண்டு வரும். அந்த மாதிரி நேரத்தில் மூவாயிரம் ரூபாயைச் செலவழிக்காமல் கிளையண்டிடம் திருப்பிச் சொல்வதே மேல். சில கிளையண்டுகளுக்கு இது பிடிக்காது, ஒதுக்கிய பணம் தீரவில்லை என்றால் அடுத்த மாதம் மேலிடத்தில் வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுவார்கள். பெரிய நிறுவனங்களில் இந்தப் பயம் நியாயமானதுதான். அவர்களிடம் இருபதாம் தேதிக்கே சொல்லிவிட்டால், எங்கே திருப்பிவிடலாம் என்று யோசிக்க நேரம் இருக்கும்.

மே மாதம் 75,400 ரூபாயில் முடிந்தது. 600 ரூபாய் குறைவு. அந்த 600-ஐப் பிடிக்க 31-ஆம் தேதி எதையும் தொடவில்லை.

தொட வேண்டியது மறுநாள் காலையில். கேம்பெய்னில் இன்னமும் 1,914 தான் இருக்கிறது. அது மே கடைசி வாரத்தின் மிச்சத்தை ஏழால் வகுத்து வந்த எண், ஜூனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விட்டுவைத்தால் கூகுள் அதை 30.4 ஆல் பெருக்கி 58,185 என்று ஜூனுக்கு வரம்பு போட்டுக்கொள்ளும். கடைக்காரர் ஜூனுக்கு சர்வீஸுக்குச் சொன்னது 40,000. அதை 30.4 ஆல் வகுத்து, 1,315 என்று ஒன்றாம் தேதி காலை முதல் வேலையாக மாற்றியாயிற்று. ஏஎம்சியை மறுபடி 750-க்கு ஏற்றினேன். அலுவலகங்கள் ஒப்பந்தம் போடும் மாதம் ஜூன் என்பது அவர் வாதம், பத்தாம் தேதி தெரியும்.